போர்பிரி செம்புப் படிவுகளும் மண் மாதிரி ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போர்பிரி" என்றால் ஒரு தாதுவின் பெயரா?

இல்லை, அது ஒரு பாறையின் தோற்றத்தைச் சொல்லும் பெயர். நுண்ணிய மாவு போன்ற பாறைக்குள் பெரிய படிகங்கள் பதிந்திருந்தால் அதைப் போர்பிரி என்பார்கள். ரவை உப்புமாவில் முந்திரி கிடப்பதைப் போல. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது, ஏனென்றால் ரோமானியர்கள் போற்றிய அந்த வகைக் கல் ஊதாவாக இருந்தது. நாம் பேசும் படிவுகளில் பாறை பெரும்பாலும் சாம்பல் நிறம்தான்.

அந்தத் தோற்றத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பாறைக்குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறும்போது பெரிய படிகங்கள் வளர்ந்தன. பிறகு அது சட்டென்று மேலே ஏறியது. மிச்சக் குழம்பு வேகமாக உறைந்து மாவு போல ஆனது. அந்த ஏற்றத்தின்போதுதான் செம்பும் கூடவே வந்தது.

இவ்வளவு செம்பு ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தது?

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். போர்பிரிப் படிவில் செம்பு கட்டி கட்டியாக இருக்காது. தரம் 0.5 சதவீதம் என்றால் ஒரு டன் பாறையில் 5 கிலோ. ஆனால் அப்படிப்பட்ட பாறை 100 கோடி டன் இருந்தால் அதில் 50 லட்சம் டன் செம்பு இருக்கிறது. உலகம் தோண்டும் செம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வகைப் படிவுகளிலிருந்துதான் வருகிறது.

அந்த 50 லட்சம் டன்னுக்கு எவ்வளவு பாறைக்குழம்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் குழம்பில் செம்பு சுமார் 50 பிபிஎம், அதாவது டன்னுக்கு 50 கிராம். ஒரு கன கிலோமீட்டர் குழம்பின் எடை சுமார் 270 கோடி டன். அதில் உள்ள செம்பு 1,35,000 டன். ஆக, ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் 37 கன கிலோமீட்டர் வேண்டும். பாதி வீணானால் 74. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் விளங்கும். தோண்டும் இடத்தில் நாம் பார்க்கும் சின்னப் போர்பிரித் தூண் மட்டும் செம்பைத் தந்திருக்க முடியாது. அது ஒரு புகைபோக்கி மாதிரி. அடுப்பு அதற்கும் கீழே, 5 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்தில், பெரிய குழம்பறையாக இருந்தது.

அந்த அடுப்பை மூட்டுவது கடல் தட்டு. பெருங்கடலின் அடித்தட்டு ஒரு கண்டத்துக்கோ தீவுத் தொடருக்கோ அடியில் அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் பிடித்து வைத்திருந்த நீரை சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் விட்டுவிடுகிறது. அந்த நீர் மேலே உள்ள சூடான மேன்டில் பாறைக்குள் போனதும் அதன் உருகுநிலை இறங்கிப் பாறை உருகுகிறது. இப்படிப் பிறக்கும் குழம்பில் நீர் அதிகம், ஆக்ஸிஜனேற்றமும் அதிகம். இரண்டாவது குணம் மிக முக்கியம். ஆக்ஸிஜனேற்றம் குறைவாக இருந்தால் கந்தகம் சல்ஃபைடாகப் பிரிந்து, செம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு ஆழத்திலேயே தங்கிவிடும். அதிகமாக இருந்தால் கந்தகம் சல்ஃபேட்டாகக் குழம்பிலேயே கரைந்திருக்கும், செம்பும் தப்பித்து மேலே வரும். சிலி, பெரு, அமெரிக்காவின் அரிசோனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூகினி என்று பசிபிக்கைச் சுற்றியே இந்தப் படிவுகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான்.

குழம்பிலிருந்த செம்பு பாறைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

குழம்பு மேலே ஏறினால் அழுத்தம் குறைகிறது. படிகங்கள் வளர வளர, அவற்றுக்குள் இடம் கிடைக்காத நீர் மிச்சக் குழம்பில் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அது தனித் திரவமாகப் பிரிகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பிரிவதைப் போல. அந்த நீரில் உப்பு இருக்கிறது, அதாவது குளோரைடு. செம்பு குளோரைடோடு ஒட்டிக்கொண்டு நீருக்குள் போய்விடுகிறது.

நிலத்தடியில் 1 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில் இந்த நீர் விரிந்து சுற்றியுள்ள பாறையை உடைக்கிறது. எந்தத் திசையிலும் ஓடும் மயிரிழை விரிசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன. வெப்பம் 600 டிகிரியிலிருந்து இறங்கி 400, 300 டிகிரி வரும்போது செம்பின் கரைதிறன் சட்டென்று விழுகிறது. சால்கோபைரைட், போர்னைட் என்ற சல்ஃபைடுகளாக அது அந்த விரிசல்களில் குவார்ட்ஸோடு படிந்துவிடுகிறது. இந்த வெப்ப இறக்கம் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நடக்க வேண்டும். நடந்தால் செம்பு ஒரே இடத்தில் குவியும், இல்லாவிட்டால் பரந்து சிதறிப் பயனில்லாமல் போகும்.

செம்பு தேடுபவர்கள் ஏன் மாலிப்டினம், துத்தநாகம் எல்லாம் அளக்கிறார்கள்?

ஏனென்றால் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி வெப்பத்தில் இறங்குமிடம் உண்டு. நடுவில் மிகச் சூடு, வெளியே போகப் போக ஆறுகிறது. அதனால் செம்பும் மாலிப்டினமும், சில இடங்களில் தங்கமும், நடுவில் படிகின்றன. துத்தநாகம், ஈயம், மாங்கனீசு ஆகியவை நீரோடு இன்னும் வெளியே போய் வளையமாகப் படிகின்றன. ஆர்செனிக், ஆன்டிமனி அதற்கும் வெளியே, அல்லது மேலே.

பாறையும் அதே வரிசையில் மாறுகிறது. நடுவில் கறுப்பு மைக்காவும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் புதிதாக வளரும். அதைச் சுற்றி வெளிறிய வெள்ளை மைக்காவும், இரும்புச் சல்ஃபைடான பைரைட்டும். வெளியே குளோரைட், எபிடோட் என்று பச்சை பூசிய பாறை. இந்த வளைய அமைப்பை 1970-இல் டேவிட் லோவல், ஜான் கில்பர்ட் என்ற இரு அமெரிக்கப் புவியியலாளர்கள் அரிசோனாவின் சான் மானுவல், கலமாசூ படிவுகளை வைத்து ஒழுங்காக எழுதிக்காட்டினார்கள். அதற்கு முன்பே லோவல் அதைப் பயன்படுத்தியும் பார்த்துவிட்டார். சான் மானுவலில் வளையங்கள் பாதிதான் இருந்தன. மீதிப் பாதியை நிலப்பிளவு வெட்டி நகர்த்தியிருக்க வேண்டும் என்று கணித்துத் துளையிட்டதில், 1960-களின் நடுவில் கலமாசூ கிடைத்தது.

மண் மாதிரி ஆய்வு முழுவதும் இந்த வளையத்தின்மீதுதான் நிற்கிறது. தாது உடல் ஒரு கிலோமீட்டர் அகலம் என்றால், அதன் வளையங்கள் பல கிலோமீட்டர் போகும். மையத்தைத் தவறவிட்டாலும் வளையத்தில் எங்காவது கால் படும்.

2 கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது மேல் மண்ணில் எப்படித் தெரியும்?

மேலே இருந்த மலை தேய்ந்துபோகிறது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் அரிப்பு என்றால் 20 லட்சம் ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டர் காணாமல் போகும். தட்டு அமிழும் பகுதிகளில் நிலம் உயர்ந்துகொண்டே இருக்கும், மழையும் பலமாக இருந்தால் இந்த வேகம் சாதாரணம். இந்தோனேசியாவில் சும்பாவா தீவின் தென்மேற்கில் இருக்கும் பத்து ஹிஜாவ் படிவு உருவாகி சுமார் 37 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அது கண்டுபிடிக்கப்பட்டபோது தரையிலேயே தெரிந்தது.

தரைக்கு வந்ததும் இரண்டாம் கட்டம் ஆரம்பிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மண் எண்களைப் படிக்கவே கூடாது என்பேன். பைரைட் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அமில நீரில் செம்பு சர்க்கரை போலக் கரைந்து கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும், அங்கே ஆக்ஸிஜன் இல்லாததால், பழைய சல்ஃபைடுகளின்மேல் சால்கோசைட் என்ற செம்பு மிகுந்த சல்ஃபைடாகப் படிந்து ஒரு வளமான போர்வையை உண்டாக்கும். மேலே மிஞ்சுவது துரு நிறத்தில், ஓட்டை ஓட்டையாக, செம்பு போய்விட்ட பாறை.

ஆனால் மாலிப்டினத்தின் குணம் நேர் எதிர். அமில நீரில் அது நகராது, இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். தங்கமும் பெரும்பாலும் அப்படித்தான். துத்தநாகம் செம்பைவிட எளிதாக ஓடிவிடும். பைரைட் குறைவாக இருந்தால் அமிலமும் குறைவு, செம்பு பச்சை மலக்கைட்டாகத் தரையிலேயே தங்கும். பத்து ஹிஜாவ் என்ற பெயருக்கே இந்தோனேசிய மொழியில் "பச்சைக் கல்" என்றுதான் பொருள்.

ஆகவே மண்ணில் செம்பு அதிகமாக இருக்கும் இடம், செம்பு *வந்து சேர்ந்த* இடம். அது பிறந்த இடமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

காட்டுக்குள் போய் நேராக மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்களா?

மாட்டார்கள். முதலில் ஓடைகள். ஓர் ஓடையின் அடி மணல் அந்த நீர்ப்பிடிப்பு முழுவதையும் பிரதிநிதித்துவப்படுத்தும், ஒரு பிடி மணலில் பத்து சதுர கிலோமீட்டர் மலை இருக்கிறது. பத்து ஹிஜாவில் நடந்ததும் இதுதான். 1987-இல் அந்தப் பகுதி ஓடைகளில் செம்பு சல்ஃபைடு தெறித்த உருண்டைக் கற்கள் கண்ணில் பட்டன. ஓடை மணலில் செம்பும் தங்கமும் உயர்ந்திருந்தன. தங்கத்துக்குச் சில கிலோ மணலை மொத்தமாகச் சயனைடு கரைசலில் ஊறவைத்து அளந்தார்கள், ஏனென்றால் தங்கம் துகள் துகளாக இருப்பதால் ஒரு பிடி மணலில் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். அதற்கு முன் அந்த வட்டாரத்தைப் போர்பிரி நாடு என்று யாரும் கருதவில்லை. ஓடையேறிக் கற்களைத் தொடர்ந்து போய் 1990-இல் மலையில் படிவையே பார்த்தார்கள். 2000-இல் சுரங்கம் வணிக உற்பத்திக்கு வந்தது.

ஓடை உங்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடும். அந்த மலையில் எந்த இடம் என்று சொல்வது மண்ணின் வேலை.

மண்ணை எந்த ஆழத்தில், எப்படி எடுப்பார்கள்?

மேலே இலை மக்கிய கறுப்பு மண்ணை விட்டுவிட வேண்டும். அது ஏ அடுக்கு. மரத்தின் வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்த உலோகம் அதில் இருக்கும், காற்றில் வந்த தூசும் இருக்கும். அதன் கீழே சிவப்பாகவோ மஞ்சள் பழுப்பாகவோ, களி கலந்து, கையில் உருட்டினால் உருளும் மண் வரும். அதுதான் பி அடுக்கு. மேலிருந்து கழுவி வந்த இரும்பும் களியும் அங்கே தங்குவதால், பாறையிலிருந்து வந்த உலோகங்களும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஆழம் பெரும்பாலும் 20 முதல் 50 சென்டிமீட்டர். சரிவான மலையில் இன்னும் கீழே, பாறை மக்கிய சி அடுக்குக்கே போவது நல்லது.

ஆழத்தைவிட அடுக்கு முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். "எல்லா இடத்திலும் 30 சென்டிமீட்டர்" என்று கட்டளை போட்டால் ஒரு குழியில் பி அடுக்கு கிடைக்கும், அடுத்ததில் கறுப்பு மண் கிடைக்கும், இரண்டையும் ஒப்பிட்டு வரைபடம் போட்டால் அது மண்ணின் வரைபடமாக வருமே தவிர உலோகத்தின் வரைபடமாக வராது.

ஒழுங்கு இப்படி: 3 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டருக்கு ஒரு கோடு, கோட்டில் 50 மீட்டருக்கு ஒரு குழி. மொத்தம் 11 கோடுகள், கோட்டுக்கு 61 குழிகள், 671 மாதிரிகள். ஆகர் என்ற முறுக்குத் துளைக்கோலோ மண்வெட்டியோ போதும். ஒவ்வொரு குழியிலும் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை துணிப் பையிலோ தடித்த காகிதப் பையிலோ எடுத்து, நிறம், ஈரம், சரிவு, அடுக்கு, பக்கத்தில் கிடந்த கல் ஆகியவற்றை அட்டையில் எழுத வேண்டும். இந்த அட்டையைச் சடங்காக நினைத்து நிரப்புபவர்கள் உண்டு. கீழே வரும் எடுத்துக்காட்டைப் படித்தால் அது எவ்வளவு கனமான தாள் என்று தெரியும்.

பிறகு மண்ணை மிதமான சூட்டில் உலர்த்தி, 80 மெஷ் சல்லடையில் சலிப்பார்கள். அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய பொடி மட்டும். உலோகம் களியிலும் துருவிலும்தான் ஒட்டியிருக்கும், பெரிய குவார்ட்ஸ் மணல் அதை நீர்த்துப்போகச் செய்யும். அந்தப் பொடியை ராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் கரைத்து, பிளாஸ்மா கருவியில் ஒரே தடவையில் முப்பது, நாற்பது தனிமங்களை அளந்துவிடுவார்கள்.

செம்பு எத்தனை பிபிஎம் இருந்தால் "நல்லது" என்று சொல்லலாம்?

பொதுவான எண் ஒன்றும் கிடையாது. கருங்கல் போன்ற கிரானைட் பாறைமேல் உள்ள மண்ணில் சாதாரணமே 15 பிபிஎம் இருக்கலாம். எரிமலை பசால்ட்மேல் 100 சாதாரணம். அதனால் 90 பிபிஎம் கிரானைட் மண்ணில் ஆறு மடங்கு உயர்வு, பசால்ட் மண்ணில் ஒன்றுமேயில்லை.

எனவே முதலில் பாறை வாரியாக மாதிரிகளைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் நடு மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக மையத்தில் நிற்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். சராசரியைப் பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் நாலு பெரிய எண்கள் வந்தாலே சராசரி மேலே போய், நாம் தேடும் உயர்வையே மறைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மாதிரியும் தன் குழுவின் நடு மதிப்பைப்போல எத்தனை மடங்கு என்று வரைபடத்தில் போட்டால், பாறையின் வேறுபாடு மறைந்து தாதுவின் தடம் தெரிய ஆரம்பிக்கும்.

அதற்கும் மேலே, தனி ஒரு புள்ளியை நம்பக்கூடாது. ஒரே புள்ளியில் 2,000 வந்தால் சந்தேகம். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் பத்துப் பதினைந்து புள்ளிகள் 200, 300 என்று ஒரு வடிவமாகச் சேர்ந்து நின்றால் அதுதான் செய்தி.

எண்கள் கைக்கு வந்த பிறகு என்ன செய்வீர்கள்? ஒரு எடுத்துக்காட்டு தர முடியுமா?

சரி, ஒரு கோட்டைப் போட்டே பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் மழை நாட்டு மலைகளில் இப்படித்தான் வரும். மேற்கிலிருந்து கிழக்கே 100 மீட்டருக்கு ஒரு மாதிரி, எல்லாம் பிபிஎம்-இல்.

| தூரம் (மீ) | செம்பு | மாலிப்டினம் | துத்தநாகம் |
|---|---|---|---|
| 0 | 38 | 1 | 95 |
| 100 | 45 | 1 | 140 |
| 200 | 52 | 1 | 310 |
| 300 | 90 | 2 | 420 |
| 400 | 160 | 4 | 210 |
| 500 | 240 | 14 | 90 |
| 600 | 290 | 32 | 45 |
| 700 | 260 | 38 | 40 |
| 800 | 410 | 22 | 60 |
| 900 | 880 | 6 | 110 |
| 1000 | 1150 | 2 | 260 |
| 1100 | 140 | 2 | 380 |
| 1200 | 48 | 1 | 150 |

செம்புப் பத்தியை மட்டும் பார்த்தால் 1000 மீட்டரில்தான் துளையிடத் தோன்றும். 1,150 பிபிஎம், அதாவது சாதாரணத்தைப்போல முப்பது மடங்கு.

இப்போது மாலிப்டினத்தைப் பாருங்கள். 1000 மீட்டரில் அது 2. ஒன்றுமேயில்லை. உச்சம் 600, 700 மீட்டர்களில், 32-உம் 38-உம். அதே இடத்தில் துத்தநாகம் 45, 40 என்று சுற்றுப்புறத்தைவிடக் கீழே போயிருக்கிறது. துத்தநாகத்தின் உச்சங்கள் இரண்டு, ஒன்று 300 மீட்டரில், இன்னொன்று 1100 மீட்டரில். நடுவில் பள்ளம், இரு பக்கமும் மேடு. வளையத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் இதுதான். அதன் மையம் 650 முதல் 700 மீட்டருக்குள் விழுகிறது.

அப்படியானால் 1,150 எங்கிருந்து வந்தது? இங்கேதான் களத்து அட்டை பேசுகிறது. 600 முதல் 700 மீட்டர் வரை மலை முகடு, மண் செந்துரு நிறம், கல்லில் ஓட்டைகள் என்று எழுதியிருக்கிறது. 1000 மீட்டரில் "சரிவு முடியும் இடம், ஈர மண், கறுப்பு, ஊற்று" என்று இருக்கிறது. முகட்டில் பைரைட் அமிலமாகிச் செம்பைக் கரைத்தது. அமில நீர் சரிவோடு இறங்கி ஊற்றாக வெளிப்பட்ட இடத்தில், மக்கிய இலையும் இரும்பு, மாங்கனீசுத் துருவும் செம்பைப் பிடித்துக்கொண்டன. மாலிப்டினம் அமில நீரோடு வர மறுத்து முகட்டிலேயே தங்கிவிட்டது.

முதல் துளை 1000 மீட்டரில் போட்டிருந்தால் சில மீட்டர் ஈர மண்ணுக்குக் கீழே வெறும் பச்சைப் பாறைதான் வந்திருக்கும், "இங்கே ஒன்றுமில்லை" என்று கோப்பை மூடியிருப்பார்கள். 650 மீட்டரில் போட்டால் செம்பு கழுவப்பட்ட துருப்பாறையைத் தாண்டி, நீர்மட்டத்தில் சால்கோசைட் போர்வையையும் அதற்குக் கீழே முதன்மைத் தாதுவையும் சந்திக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. முகட்டில் 260 பிபிஎம் செம்பு இருந்தது குறைவு இல்லை, அது கழுவிய பிறகு மிஞ்சியது.

இந்த வாசிப்பைச் சரிபார்க்க ஒரு மலிவான வழியும் உண்டு. 900, 1000 மீட்டர்களில் இரும்பும் மாங்கனீசும் செம்போடு சேர்ந்தே ஏறியிருக்கிறதா என்று அதே ஆய்வு அறிக்கையில் பாருங்கள். ஏறியிருந்தால் ஊற்றில் படிந்த செம்பு என்பது உறுதிப்படும். சரிவில் மேலே ஏறி, இன்னும் இரண்டு ஊற்றுகளில் மாதிரி எடுத்தால் நீர் வந்த வழியே தெரிந்துவிடும்.

களத்தில் என்ன தப்பு நடக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதிரியில் வெளி உலோகம் கலப்பதுதான் முதல் தொல்லை. நான் வேலை பார்த்த ஒரு மலைப்பகுதியில் ஒரே ஒரு கோட்டில் மட்டும் துத்தநாகம் எல்லாக் குழியிலும் உயர்ந்து வந்தது. பாறை மாறவில்லை, மண் மாறவில்லை. விசாரித்தால் அந்தக் குழு மட்டும் துத்தநாக முலாம் பூசிய வாளியில் மண்ணைக் கலந்து பைக்குப் போட்டிருந்தது. கோட்டை முழுவதும் திரும்ப எடுத்தோம், நாலு நாள் போயிற்று. இயற்கை நேர்க்கோட்டில் ஆரம்பித்து நேர்க்கோட்டில் முடியாது. உயர்வு ஒரு கோட்டோடு, ஒரு குழுவோடு, ஒரு தேதியோடு ஒத்துப்போனால் மனிதக் கைதான் காரணம். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் சேர்க்கும், அதனால் நைலான் அல்லது எவர்சில்வர் சல்லடை. தங்கம் அளக்கும்போது மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, அளவீட்டின் நம்பகம். இருபது மாதிரிக்கு ஒன்று அதே குழிக்குப் பக்கத்தில் இரட்டையாக எடுத்து, வேறு எண்ணில் அனுப்ப வேண்டும். தெரிந்த மதிப்புள்ள மண்ணையும் இடையிடையே நுழைக்க வேண்டும். இரட்டைகள் 400, 430 என்று வந்தால் நிம்மதி. 400, 900 என்று வந்தால், 300-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் வண்ணம் பூசிக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவதுதான் மிக மோசமானது, மண் அந்த இடத்து மண்ணாகவே இல்லாமல் இருப்பது. ஆற்று வண்டல், நிலச்சரிவில் இறங்கிய மண், எரிமலைச் சாம்பல், பனியாறு கொண்டுவந்த களி, இவை எல்லாம் கீழே இருக்கும் பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆய்வகம் துல்லியமாக அளந்து தரும், எண்கள் அமைதியாக இருக்கும், படிவு காலடியில் கிடக்கும். குழிச் சுவரில் உருண்டைக் கூழாங்கற்கள் தெரிந்தால் மண் நகர்ந்து வந்தது என்று அர்த்தம். கூர்முனைக் கற்கள், கீழே போகப் போகப் பாறையாக மாறும் மண் என்றால் அது அங்கேயே பிறந்தது.

எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி வந்துவிட்டதே, ஆய்வகம் இன்னும் எதற்கு?

செம்பு, துத்தநாகம், ஈயத்துக்கு அந்தக் கருவி நன்றாகவே உதவும். அன்று மாலையே எண் தெரிந்தால் மறுநாள் கோட்டை நீட்டலாமா என்று முடிவெடுக்கலாம். ஆனால் ஈர மண்ணில் எண் குறைவாகக் காட்டும், உலர்த்திச் சலித்துவிட்டு அளக்க வேண்டும். மேலே பார்த்தபடி நம் முடிவு மாலிப்டினம் 2-ஆ 14-ஆ என்பதில் நிற்கிறது, அந்தச் சிறிய அளவுகளில் கருவி தடுமாறும். தங்கத்துக்கு அது உதவவே உதவாது.

படிவின்மேல் தடித்த கூழாங்கல் மூடியிருந்தால் மண் ஆய்வு வீணா?

பெரும்பாலும் வீண்தான், ஆனால் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ஸ்பென்ஸ் படிவு ஒரு வியப்பான விதிவிலக்கு. அது 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்மேல் பல பத்து மீட்டர் தடிமனுக்குக் கூழாங்கல் அடுக்கு. மண் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, வரிசையாகத் துளையிட்டுத்தான் கண்டார்கள். பிறகு கனடாவின் புவிவேதியியலாளர் இயன் கேமரன் முதலியோர் மேல் மண்ணை ஆராய்ந்தபோது, படிவின்மேலும் அதற்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியும், கூழாங்கல்லில் விரிசல் ஓடும் பட்டைகளில் உப்பு அதிகமாக இருந்தது. நிலநடுக்கத்தின்போது ஆழத்து உப்புநீர் விரிசல் வழியே மேலே தள்ளப்பட்டு, காய்ந்து, உப்பை விட்டுப்போயிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

இம்மாதிரி இடத்தில் ராஜ திராவகம் பயன்படாது. அது மண் துகளின் சொந்த உலோகத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும், கீழிருந்து வந்த சிறிய அளவு அதில் மூழ்கிப்போகும். தூய நீர் அல்லது மிக மென்மையான கரைசலால், துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை மட்டும் கழுவி அளப்பார்கள். இரண்டாவது பட்டை படிவிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்ததை மறக்க வேண்டாம். அந்த உப்பு விரிசலைக் காட்டியது, விரிசலுக்கு அடியில் தாது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தியாவில் இந்த வகைப் படிவு உண்டா?

மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் பற்றிச் சொல்வார்கள். கிரானைட்டில் செம்பும் மாலிப்டினமும் சேர்ந்த பெரிய படிவு அது, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அது போர்பிரிதானா என்பதில் புவியியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அவ்வளவு பழைய படிவுகள் அபூர்வம், ஏனென்றால் சில கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது அத்தனை காலம் அரிபடாமல் தப்பிப்பது கடினம்.

மண் ஆய்வில் நல்ல வளையம் வந்துவிட்டது. சுரங்கம் வருமா?

மண் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தரும்: இந்த மலையில் போர்பிரி அமைப்பு இருக்கிறதா, அதன் மையம் எங்கே. தரம் 0.2 சதவீதமா 0.6 சதவீதமா, 10 கோடி டன்னா 100 கோடி டன்னா, அரிப்பு தாதுவின் உச்சியை இப்போதுதான் தொட்டிருக்கிறதா அல்லது வயிறு வரை தின்றுவிட்டதா என்பதெல்லாம் துளையில் வரும் பாறைத் தண்டுதான் சொல்லும். அழகான வளையம், நடுவில் 0.15 சதவீதச் செம்பு என்று முடிந்துபோகும் இடங்கள்தான் அதிகம். அந்த முதல் துளையைக் கழுவப்பட்ட பகுதியிலேயே நிறுத்திவிடாமல், துரு மறைந்து சல்ஃபைடு கண்ணில் படும் வரை, பிறகு அதற்குக் கீழும் நூறு மீட்டராவது ஓட்டச் சொல்லுங்கள்.